ரன் வராதபோது நடக்கும் கிரிக்கெட்

32-27-5-0.

இந்த நான்கு எண்களைச் சொன்னால் போதும், பழைய கிரிக்கெட் ரசிகர்கள் ஊரையும் ஆளையும் சொல்லிவிடுவார்கள். ஊர் சென்னை. ஆள் பாபு நட்கர்னி. 1964 ஜனவரியில், இப்போது நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் அன்றிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் அவர் போட்ட பந்துகளின் கணக்கு இது. 32 ஓவர் வீசினார். அதில் 27 ஓவர்களில் ஒரு ரன்கூட வரவில்லை. மொத்தமாகக் கொடுத்தது 5 ரன். எடுத்த விக்கெட் எதுவுமில்லை.

முதல் தடவையாக மேட்ச் பார்க்க உட்காருபவருக்கு ஃபோரும் சிக்ஸரும் விளக்கமில்லாமலே புரிந்துவிடும். பந்து தரையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால் நான்கு ரன், தரையில் படாமல் தாண்டினால் ஆறு ரன். கூட்டம் கத்துவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அவரைக் குழப்புவது கூட்டம் சும்மா இருக்கும் நேரம். "மெய்டன் ஓவர்" என்கிறார் வர்ணனையாளர், யாரோ கைதட்டுகிறார்கள். "டக் அவுட்" என்கிறார், பக்கத்தில் இருப்பவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். "நைட் வாட்ச்மேன் வருகிறார்" என்கிறார், பட்டப்பகலில் ஒருவர் மட்டையோடு நடந்து வருகிறார். மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. முதலாவது ரன் வராத ஓவர். இரண்டாவது ரன் எடுக்காமல் போன ஆட்டக்காரர். மூன்றாமவர் ரன் எடுக்கவே தேவையில்லை என்று சொல்லி அனுப்பப்படும் ஆள். கிரிக்கெட்டில் சைபருக்கும் விலை இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

ஆறு புள்ளிகள்

அடிப்படை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம். மைதானத்தின் நடுவே 22 கெஜ நீளத்துக்கு ஒரு ஆடுகளம். அதன் இரண்டு முனையிலும் மும்மூன்று குச்சிகள், அவைதான் ஸ்டம்ப். ஒரு முனையிலிருந்து ஒரு பவுலர் ஆறு பந்து வீசினால் அது ஒரு ஓவர். அடுத்த ஓவரை எதிர் முனையிலிருந்து வேறொருவர் போட வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீசக் கூடாது. இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மெய்டன் ஓவரின் பயன் இதில்தான் இருக்கிறது.

ரன் வராத ஒவ்வொரு பந்துக்கும் ஸ்கோர் எழுதுபவர் தன் புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்பார். அதனால்தான் அதற்கு டாட் பால் என்று பெயர். ஆறு பந்தும் புள்ளியாகவே முடிந்தால் அது மெய்டன் ஓவர். அப்போது அவர் அந்த ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து இணைத்து எம் என்ற ஆங்கில எழுத்தாக்கிவிடுவார். அதே ஓவரில் ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் கோடு டபிள்யூ ஆகும். அது விக்கெட் மெய்டன். ஆங்கிலத்தில் யார் கையும் படாத ஒன்றுக்கு மெய்டன் என்று சொல்வது உண்டு. மட்டையால் ரன் பார்க்காத ஓவர் என்பதால் இந்தப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே புதியவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஓவரைப் பந்து பந்தாகப் பார்ப்போம். முதல் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிறது, பேட்ஸ்மேன் தொடாமல் விட்டுவிடுகிறார். இரண்டாவது நேராக வருகிறது, முன்காலை நீட்டிக் கட்டை போடுகிறார். மூன்றாவதை அடிக்கிறார், ஆனால் பந்து நேரே ஃபீல்டர் கைக்குப் போகிறது. நான்காவது அவருடைய காலில் கட்டியிருக்கும் பேடில் பட்டு, விக்கெட் கீப்பரையும் ஏமாற்றிவிட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடுகிறது. ஸ்கோர் போர்டில் நான்கு ரன் ஏறிவிட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் கட்டை. இது மெய்டன் ஓவரா? ஆமாம், மெய்டன்தான். பேடில் பட்டு வந்த ரன் லெக் பை. அது அணியின் கணக்கில் சேரும், பவுலரின் தலையில் விழாது. மட்டையிலும் உடம்பிலும் படாமல் கீப்பரையும் தாண்டி ஓடும் பை ரன்னுக்கும் இதே நியாயம்தான். ஆனால் பவுலர் ஒரே ஒரு வைடோ நோ பாலோ போட்டுவிட்டால் அது அவருடைய தவறு, ரன் அவர் கணக்கில் ஏறும், மெய்டன் போய்விடும். ஸ்கோர் போர்டு நகர்ந்ததா என்று பார்க்காமல், பவுலர் ரன் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும்.

இனி நட்கர்னியிடம் வருவோம். இடது கையால் மெதுவாகப் போடுபவர். பந்து பெரிதாகத் திரும்பாது. ஆனால் எங்கே விழ வேண்டும் என்று நினைக்கிறாரோ அங்கே விழும். பயிற்சியின்போது ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, அதன் மேலேயே பந்து விழும்படி திரும்பத் திரும்பப் போடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சென்னையில் அன்று அந்தப் பயிற்சி பலித்தது. தொடர்ச்சியாக 21 ஓவர் மெய்டன். அவற்றை ஒட்டிய சில பந்துகளையும் சேர்த்தால் 131 பந்துகளில் ஒரு ரன்கூட இல்லை. அடுத்தடுத்துப் போடப்பட்ட மெய்டன் ஓவர்களில் டெஸ்ட் உலகின் சாதனை இன்றும் அதுதான்.

எதிரே நின்றவர்கள் சாதாரண ஆட்களா என்றால் இல்லை. பிரையன் போலஸும் கென் பாரிங்டனும். இந்தியா முதலில் ஆடி 457 ரன் குவித்து, ஏழு விக்கெட்டோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்து முகாமில் பலர் வயிற்றுக் கோளாறால் படுத்திருந்தார்கள். இந்த நிலையில் அவசரப்பட்டு விக்கெட்டைக் கொடுத்தால் பின்னால் வந்து தாங்க ஆளில்லை. அதனால் அவர்களும் டொக்கு வைத்துக்கொண்டே இருந்தார்கள். மெய்டன் ஓவரைப் பவுலர் தனியாகப் போட முடியாது. அடிக்க வேண்டாம் என்று பேட்ஸ்மேனும் முடிவெடுத்தால்தான் 21 ஓவர் அப்படிப் போகும்.

அதனால் இந்தியா ஜெயித்ததா? இல்லை. போலஸ் 88, பாரிங்டன் 80 எடுத்தார்கள். ஆட்டம் டிரா. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டும் டிரா. மெய்டன் ஓவர் மட்டுமே வெற்றி தந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பிறகு கைதட்டுவது எதற்கு? இங்கேதான் முனை மாறும் விதி வருகிறது. ஒரு முனையில் நாலைந்து ஓவர் ரன்னே வராவிட்டால், பேட்ஸ்மேன் மறுமுனையில் வீசுபவரிடம் ரன் தேடுவார். அடிக்கக் கூடாத பந்தை அடிப்பார், கேட்ச் கொடுப்பார். விக்கெட் அந்த இரண்டாவது பவுலரின் பெயரில் எழுதப்படும். அதற்கான வேலையைச் செய்தவர் எதிர் முனைக்காரர். டெஸ்ட் பார்க்கும்போது ஒரு விக்கெட் விழுந்ததும் அதற்கு முந்தைய சில ஓவர்களைத் திரும்பிப் பாருங்கள். பல சமயம் அங்கே புள்ளிகள் வரிசையாக இருக்கும்.

இருபது ஓவர் ஆட்டத்தில் கதையே வேறு. ஒரு அணிக்கு மொத்தமே 120 பந்து. அதில் ஆறு பந்தைச் சும்மா விட யாருக்கும் மனம் வராது. எல்லாரும் அடிக்கத்தான் வருகிறார்கள். அப்படியும் 2024 டி20 உலகக் கோப்பையில், டிரினிடாடில் நடந்த ஆட்டத்தில், நியூசிலாந்தின் லாக்கி ஃபெர்குசன் பப்புவா நியூ கினிக்கு எதிராகத் தனக்குக் கிடைத்த நான்கு ஓவரையும் மெய்டனாகவே போட்டார். 4-4-0-3. நட்கர்னியின் கணக்கைப் படித்த முறையிலேயே இதையும் படித்துப் பாருங்கள்: நான்கு ஓவர், நான்கும் மெய்டன், ரன் கிடையாது, மூன்று விக்கெட். பப்புவா நியூ கினி 78 ரன்னில் சுருண்டது.

முட்டையின் வகைகள்

தேர்வில் சைபர் வாங்கியவனை "முட்டை வாங்கிட்டான்" என்று நாம் சொல்வதுபோலவே, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரன் எடுக்காமல் அவுட் ஆனவனுக்கு வாத்து முட்டை என்றார்கள். பின்னர் முட்டை உதிர்ந்து வாத்து மட்டும் மிஞ்சியது. அதுதான் டக். தமிழ்நாட்டு மைதானங்களில் டக் என்று நிறுத்துவதில்லை, டக் அவுட் என்றே சொல்கிறோம்.

சைபர் ரன்னோடு நின்றாலே டக் ஆகிவிடாது. கடைசி ஆளாக வந்து, ரன் எதுவும் எடுக்காமல், ஆனால் அவுட்டும் ஆகாமல் மைதானத்தை விட்டு வந்தால் அவர் பெயருக்கு எதிரே 0 நாட் அவுட் என்று இருக்கும். அது டக் கணக்கில் சேராது. அவுட் ஆனால்தான் டக். முதல் பந்திலேயே போனால் கோல்டன் டக். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல், எதிர் முனையில் நின்றபடியே ரன் அவுட் ஆனால் டயமண்ட் டக். டெஸ்டில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் உண்டு. இரண்டிலும் முட்டை என்றால் அது பேர்.

டக் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், வெளியேறும் ஆட்டக்காரர் மேல் கோபம் கொஞ்சம் குறையும். ஒரு பேட்ஸ்மேன் பெவிலியனிலிருந்து வரும்போது அவருக்கு எதுவும் தெரியாது. ஆடுகளத்தில் பந்து எவ்வளவு வேகமாக எழும்புகிறது, எவ்வளவு திரும்புகிறது, காற்றில் வளைகிறதா என்பதெல்லாம் அங்கே நின்று நாலு பந்து பார்த்தால்தான் பிடிபடும். கால் நகர்வது ஒரு நொடியின் சின்னப் பகுதி தாமதமானாலும் போச்சு. பவுலருக்கும் இது தெரியும். அதனால் புதிதாக வந்தவருக்கு ஸ்டம்பைக் குறிவைத்தே பந்து வரும், சுற்றி ஃபீல்டர்கள் நெருங்கி நிற்பார்கள். நூறு ரன் எடுத்தவரை அவுட் ஆக்குவதைவிட இப்போதுதான் வந்தவரை அவுட் ஆக்குவது எளிது. ஆட்டத்தின் மிகப் பெரிய ஆளுக்கும் இது பொருந்தும்.

அதற்குச் சாட்சி 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானம். டான் பிராட்மனுக்கு அதுதான் கடைசி டெஸ்ட். இங்கிலாந்து முதலில் ஆடி 52 ரன்னுக்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியாவின் முதல் விக்கெட் 117 ரன்னில்தான் விழுந்தது. பிராட்மன் இறங்கி வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. இங்கிலாந்து கேப்டன் நார்மன் யார்ட்லி தன் ஆட்களை ஒன்றுசேர்த்து மூன்று முறை ஜே போட வைத்தார். பந்து எரிக் ஹோலிஸ் கையில், சுழல் பந்துக்காரர். முதல் பந்தை பிராட்மன் தடுத்தார். இரண்டாவது கூக்ளி. லெக் ஸ்பின் போலக் கையிலிருந்து கிளம்பி, எதிர்ப்பக்கமாகத் திரும்பும் பந்து. மட்டைக்கும் காலுக்கும் இடையே நுழைந்து ஸ்டம்பைத் தட்டியது. டக்.

அந்த முட்டையின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்ஸ்மேனின் சராசரி என்பது அவர் எடுத்த மொத்த ரன்னை அவுட் ஆன தடவையால் வகுத்தால் வருவது. அன்று ஓவலுக்குள் நுழைந்தபோது பிராட்மன் 6,996 ரன் எடுத்திருந்தார். 69 முறை அவுட் ஆகியிருந்தார். வகுத்தால் 101 சொச்சம். ஹோலிஸ் பந்தில் அவுட் ஆனது 70ஆவது முறை. இன்னும் நான்கு ரன் எடுத்திருந்தால் ஏழாயிரத்தை எழுபதால் வகுத்து முழுதாக 100 வந்திருக்கும். எடுக்காததால் 99.94. இரண்டாவது இன்னிங்ஸில் சரிசெய்யலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இங்கிலாந்து மறுபடியும் 188 ரன்னில் சுருண்டு இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததால் ஆஸ்திரேலியா இரண்டாவது முறை ஆடவே வேண்டியிருக்கவில்லை.

முட்டையில் தொடங்கி மேலே போனவர்களும் உண்டு. இலங்கையின் மார்வன் அத்தப்பத்து 1990இல் சண்டிகரில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமானார். இரண்டு இன்னிங்ஸிலும் டக். அடுத்த டெஸ்டில் 0, 1. அதற்கடுத்த டெஸ்டில் மறுபடி 0, 0. ஆறு இன்னிங்ஸில் மொத்தம் ஒரே ஒரு ரன். இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் பிறகு டெஸ்டில் ஆறு இரட்டைச் சதம் அடித்தார், இலங்கைக்குக் கேப்டனும் ஆனார்.

யாருடைய டக் என்பதையும் பார்க்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் அதிக டக் வாங்கியவர் முத்தையா முரளிதரன், மொத்தம் 59. அவரை யாரும் மோசமான ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே ஆள் அவர். பந்து வீசுவது அவர் வேலை, பத்தாவதாகவோ பதினொன்றாவதாகவோ வந்து மட்டை பிடிப்பது உபரி. தொடக்க ஆட்டக்காரர் டக் ஆனால் அணி கவலைப்படும். கடைசி ஆள் டக் ஆனால் அடுத்து நாம் பந்து வீசப் போகலாம் என்று கிளம்பிவிடும்.

மாலையில் வரும் காவல்காரர்

மூன்று சொற்களில் மிகவும் சுவாரசியமானது நைட் வாட்ச்மேன். இவர் ஐந்து நாள் டெஸ்டிலும் ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களிலும் மட்டுமே உண்டு. ஒரே நாளில் முடியும் ஆட்டத்தில் இவருக்கு வேலை இல்லை.

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் என்பது கணக்கு. மாலையில் இன்னும் நாலைந்து ஓவர்தான் மிச்சம் என்ற நேரத்தில் ஒரு விக்கெட் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படி அடுத்து வர வேண்டியவர் அணியின் சிறந்த பேட்ஸ்மேன். அவரை அனுப்பினால் என்ன கிடைக்கும்? நாலு ஓவரில் ஐந்தோ பத்தோ ரன். பறிபோகக் கூடியதோ ஒரு பெரிய விக்கெட். வெளிச்சம் மங்குகிறது. இன்னும் சில பந்துதான், பிறகு இரவு முழுக்க ஓய்வு என்று தெரிந்த பவுலர் முழு வேகத்தில் வருகிறார். கஷ்டப்பட்டுத் தப்பித்தாலும் மறுநாள் காலையில் மறுபடி முதலிலிருந்து கண் பழக வேண்டும். டக் ஆகும் ஆபத்தை ஒரே இன்னிங்ஸில் இரண்டு முறை சந்திப்பதற்குச் சமம்.

அதனால் கேப்டன் அவரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, கடைசி வரிசையில் ஆடும் ஒரு பவுலரை அனுப்புகிறார். ஓரளவாவது கட்டை போடத் தெரிந்தவராக, பந்தைக் கண்டு பயப்படாதவராக இருக்க வேண்டும். அவரிடம் ரன் கேட்பதில்லை. ஸ்டம்பை விட்டு விலகும் பந்தை விட்டுவிடு, நேரே வருவதைத் தடு, கூடுமானவரை நீயே பந்தைச் சந்தித்து எதிர் முனையில் நிற்கும் நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்று, நாளைக்குக் காலை பார்த்துக்கொள்ளலாம். இதுதான் உத்தரவு. எத்தனை ஓவர் மிச்சமிருந்தால் அனுப்பலாம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. பொதுவாக அரை மணி நேரத்துக்குக் கீழே என்றால் யோசிப்பார்கள். டிவியில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய இடத்தில் ஒரு பவுலரின் பெயர் வந்தால், நீங்களே புரிந்துகொள்ளலாம்.

திட்டம் பலித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜேசன் கில்லெஸ்பி இருக்கிறார். 2006 ஏப்ரல், வங்கதேசத்தின் சிட்டகாங். முதல் நாளே வங்கதேசம் 197 ரன்னுக்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியா ஆடத் தொடங்கி, மாலையில் மேத்யூ ஹெய்டன் ரன் அவுட் ஆனதும், கேப்டன் ரிக்கி பாண்டிங் தன் இடத்தில் கில்லெஸ்பியை அனுப்பினார். வேகப் பந்து வீச்சாளர், அதுவரை ஒரு சதம்கூட அடித்ததில்லை. அன்றைய பொழுது அவர் தாக்குப்பிடித்தார். மறுநாளும் அவுட் ஆகவில்லை. அதற்கு மறுநாள் சதம் அடித்தார். நான்காவது நாள் 425 பந்துகளில் 201 ரன் எடுத்து நாட் அவுட்டாக நின்றார். மைக் ஹஸ்ஸியும் அவரும் சேர்ந்து 320 ரன். அந்த நான்காவது நாள், ஏப்ரல் 19, அவருடைய 31ஆவது பிறந்தநாள். ஆட்ட நாயகனும் அவர்தான். காவலுக்கு வந்தவர் இரட்டைச் சதம் அடித்தது டெஸ்ட் வரலாற்றில் அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியா அவரை ஒரு டெஸ்டுக்கும் எடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவின் சையத் கிர்மானியும் 1979இல் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இப்படி வந்து 101 நாட் அவுட் எடுத்திருக்கிறார். ஆனால் இவையெல்லாம் விதிவிலக்கு. பத்து ரன் எடுத்துவிட்டு மறுநாள் காலை முதல் அரை மணி நேரம் நின்றாலே வாட்ச்மேன் தன் வேலையைச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.

திட்டம் கெட்டால் எப்படிக் கெடும் என்பதை 2024 நவம்பர் 1 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் நாடே பார்த்தது. நியூசிலாந்து 235 ரன்னுக்கு ஆல் அவுட். முதல் நாள் மாலை, இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 78. யஷஸ்வி ஜெய்ஸ்வாலும் சுப்மன் கில்லும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நாள் முடியச் சில ஓவரே இருந்த நேரத்தில், அஜாஸ் படேல் பந்தை ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் போய் ஜெய்ஸ்வால் போல்ட் ஆனார். அடுத்து வர வேண்டியவர் விராட் கோலி. அவரைக் காப்பாற்ற முகமது சிராஜ் அனுப்பப்பட்டார். வழக்கமாகக் கடைசியில் ஆடுபவர்.

சந்தித்த முதல் பந்து சிராஜின் காலில் பட்டது. நடுவர் விரலைத் தூக்கினார். சிராஜ் டிவி நடுவரிடம் முறையிட்டார், பலிக்கவில்லை. அணிக்கு இருந்த ரிவ்யூ வாய்ப்பில் ஒன்றும் வீணானது. கோல்டன் டக். இப்போது யாரைக் காப்பாற்ற நினைத்தார்களோ அந்தக் கோலியே இறங்க வேண்டியதாயிற்று. நான்கு ரன் எடுத்திருந்தபோது மிட் ஆன் பக்கம் தட்டிவிட்டு அவசரமாக ஒரு ரன் ஓடினார். மேட் ஹென்றி எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் பட்டது. ரன் அவுட். ஒரு விக்கெட்டுக்கு 78 என்றிருந்தது, நாள் முடிவில் நான்கு விக்கெட்டுக்கு 86.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அந்தச் சில நிமிடங்களில் முழுதாகத் தெரிந்தது. காவல்காரர் சீக்கிரம் விழுந்தால் ஒரு விக்கெட் கூடுதலாகப் போகும், காப்பாற்ற நினைத்தவரும் அதே மங்கிய வெளிச்சத்தில் வந்தாக வேண்டும். முதலிலேயே கோலி வந்திருந்தால் எதிரே இரண்டு நல்ல பேட்ஸ்மேன்கள் இருந்திருப்பார்கள், எதிரணிக்கு அடுத்தடுத்த பந்துகளில் விக்கெட் எடுத்த உற்சாகமும் கிடைத்திருக்காது. ஆஸ்திரேலியக் கேப்டனாக இருந்த ஸ்டீவ் வாவுக்கு இந்த வழக்கமே பிடிக்காது. பேட்டிங் செய்யச் சம்பளம் வாங்குபவரை ஒளித்துவைத்துவிட்டு, பந்து வீசுபவரை எதற்கு முன்னால் தள்ள வேண்டும் என்பது இதை எதிர்ப்பவர்களின் கேள்வி. இந்தியா அந்த ஆட்டத்தில் கடைசியில் 25 ரன்னில் தோற்றது, தொடரையும் 3-0 என்று இழந்தது. தோல்விக்குச் சிராஜை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 147 ரன் இலக்கை எட்ட முடியாமல் 121க்குச் சுருண்டது மொத்த அணியும். ஆனால் 25 ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில், அந்த முதல் நாள் மாலையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கவும் முடியாது.

வாட்ச்மேனை அனுப்பலாமா கூடாதா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கட்சி இதுதான்: கட்டை போடத் தெரிந்த பவுலர் இருந்தால் அனுப்பலாம், இல்லையென்றால் பேட்ஸ்மேனே போகட்டும்.

டெஸ்ட் ஆட்டத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர்கள் காலையிலிருந்து உட்கார்ந்து அலுத்துப்போக வேண்டாம். இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் பெரும்பாலும் காலை 9.30க்குத் தொடங்கி மாலை 4.30 வாக்கில் முடியும். ஓவர் மிச்சமிருந்தால் 5 மணி வரை நீளும். நீங்கள் 4 மணிக்கு டிவியைப் போடுங்கள். பவுலர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்களில் இரண்டாவதைப் பாருங்கள். புதிதாக இறங்கியவரின் முதல் ஆறு பந்தைக் கண் எடுக்காமல் பாருங்கள். யார் விழுந்தார், யார் வந்தார், அவர் வர வேண்டிய ஆள்தானா என்று கவனியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இந்த மூன்று சொற்களில் ஒன்றாவது உங்கள் கண்ணெதிரே நடக்கும்.